ஐந்து சொல் கேள்வி, இரண்டு சரியான விடை

"முதன்முதலில் அச்சேறிய தமிழ் நூல் எது?"

நூலக வார விழாவை ஒட்டி எங்கள் தூத்துக்குடியில் நடந்த வினாடி வினாவின் கடைசிச் சுற்றில் வந்த கேள்வி இது. பொது அறிவுக் கையேடு வைத்திருக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவான். அதனாலேயே மேடையில் இருந்த செல்வமும் மீரானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். செல்வம் "தம்பிரான் வணக்கம்" என்றான். மீரான் "கார்த்தில்யா" என்றான்.

ஓர் அணிக்கு ஒரு விடைதான். முப்பது வினாடி இருந்தது. அந்த முப்பது வினாடியும் "என்னப்பா சொல்கிறாய்", "நீ என்ன சொல்கிறாய்" என்பதிலேயே போய்விட்டது. மணி அடித்தது. கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அங்கே இருந்த கல்லூரி மாணவி "தம்பிரான் வணக்கம், 1578" என்று நிதானமாகச் சொல்லிப் பத்து மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டாள். கரும்பலகையில் மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் ஆட்களின் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுத் திரும்பினால், இரண்டு பேரும் மேடையிலேயே சண்டையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். கோப்பை போனதைப் பற்றி இருவருக்கும் கவலையே இல்லை.

இந்த இருவரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சண்டை புரியாது. செல்வம் சிறிய ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அங்கே அடிப்பார்கள். அவனுடைய அப்பா கம்பாசிட்டர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி வாழ்ந்தவர். மீரான் காயல்பட்டினத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியன். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்றிலிருந்தே ஒருவரையொருவர் "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊரில் எங்கே வினாடி வினா நடந்தாலும் இந்த ஜோடி போய் உட்காரும், பெரும்பாலும் ஜெயிக்கும்.

நூலகத்துக்கு எதிரில் இருந்த தேநீர்க் கடையில் முதல் கிளாஸ் முடிவதற்குள் சண்டை ஒரு வடிவத்துக்கு வந்திருந்தது. செல்வத்தின் முடிவு: மீரானுக்கு அச்சு வரலாறு தெரியாது, எங்கேயோ படித்த ஏதோ ஓர் ஐரோப்பியப் புத்தகத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறான். மீரானின் முடிவு: செல்வம் கையேட்டு அறிவோடு நின்றுவிட்டான், 1554-ஆம் ஆண்டு லிஸ்பன் நூலைப் பற்றி அவனுக்குக் காதில் விழுந்ததே இல்லை. எதிராளிக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்றே இருவரும் நம்பினார்கள். ஆகவே இருவரும் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

மீரான் நடத்திய பாடம் இது. போர்ச்சுக்கல் மன்னர் மூன்றாம் ஜோவானின் ஆணைப்படி, 1554 பிப்ரவரியில் லிஸ்பன் நகரத்தில் ஒரு சிறு நூல் அச்சானது. கிறிஸ்தவர்கள் அறிய வேண்டிய ஜெபங்களும் போதனைகளும் அடங்கிய தொடக்கப் பாட நூல் அது. போர்ச்சுகீசியத்தில் அப்படிப்பட்ட நூலுக்குக் கார்த்தில்யா என்று பெயர். நம் கையேடுகளில் கார்ட்டிலா என்றும் இருக்கும். நூலின் வேலையைச் செய்தவர்களாக மூன்று பெயர்கள் வருகின்றன: விசெந்தே தெ நசரே, ஜோர்ஜே கர்வால்யோ, தொமா தா குரூஸ். மூவரும் கடல் கடந்து லிஸ்பன் போயிருந்த தமிழர்கள். இவை ஞானஸ்நானப் பெயர்கள். வீட்டில் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது நூலில் இல்லை. உள்ளே இருப்பது தமிழ். எழுத்து மட்டும் ரோம எழுத்து. ஜெபத்தின் தமிழ் வரிகளை அப்படியே ரோம எழுத்தில் அடுக்கி, கூடவே போர்ச்சுகீசியப் பொருளையும் கறுப்பும் சிவப்புமாக அச்சடித்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு அச்சு இயந்திரம் வந்து சேர்ந்ததே 1556-இல்தான், அதுவும் கோவாவுக்கு. அதற்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே தமிழ் அச்சேறிவிட்டது.

"இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, அது எந்த நூலை வைத்து? இதை வைத்துத்தான்" என்றான் மீரான்.

இந்த நூலைத் தமிழ்நாட்டுக்கு நினைவூட்டியவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். இலங்கை ஊர்காவற்றுறைப் பக்கத்தில் பிறந்து, எங்கள் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாகப் பணியாற்றியவர். 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தேடிப் பழைய தமிழ் அச்சு நூல்களைப் பார்த்து எழுதினார். ஆகவே 1554 என்ற எண் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படியொன்றும் தொலைவானதல்ல. செல்வம் அதைக் கேள்விப்படாமல் இருந்திருப்பான் என்று மீரான் நினைத்ததே எனக்கு வியப்பாக இருந்தது.

செல்வத்தின் பாடம் வேறு இடத்தில் தொடங்கியது. அது கடைப் பெஞ்சிலிருந்து அப்பாவின் பழைய அச்சுக்கூடத்துக்குப் போனது. "தமிழை அச்சடிக்க எத்தனை எழுத்து வார்க்க வேண்டும் தெரியுமா?" என்று ஆரம்பித்தான். மீரான் தமிழாசிரியன், உடனே "247" என்றான். செல்வம் சிரித்தான். அச்சுக்கூடத்துக்காரனின் கணக்கு அதுவல்ல.

கணக்கு இப்படிப் போகும். 'கா' என்று அடுக்கத் தனி எழுத்து வேண்டாம். 'க' ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. 'கெ' என்றால் கொம்பு ஒரு துண்டு, 'க' ஒரு துண்டு. 'கொ' என்றால் மூன்று துண்டு. ஆனால் 'கி', 'கீ', 'கு', 'கூ' நான்கிலும் குறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிரிக்க முடியாது. தனித்தனியாக வார்த்துத்தான் ஆக வேண்டும். புள்ளி வைத்த 'க்' ஒன்று, வெறும் 'க' ஒன்று. ஆக ஒரு மெய்க்கு ஆறு துண்டு. பதினெட்டு மெய்க்கு 108. உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என்று நான்கு. மொத்தம் 125. இதற்கு மேல் 'ஜ', 'ஷ' வகையறா. செல்வத்தின் அப்பா தொழில் பழகிய காலத்தில் ணா, றா, னா என்ற மூன்றுக்கும், ணை, லை போன்றவற்றுக்கும் பழைய கூட்டு வடிவம் இருந்ததால் இன்னும் சில. 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது அந்தக் கூட்டெழுத்துகள் கேஸில் தூசி படிந்து கிடந்ததைச் செல்வம் சிறுவனாகப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு போதாது. 'க' என்றால் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

"இத்தனை துண்டையும் தலைகீழாக, இடவலம் மாற்றிச் செதுக்கி, வார்ப்பில் உருக்கி ஊற்றி எடுத்தவன் யாரோ அவன்தான் தமிழை அச்சேற்றினான். லிஸ்பனில் இருந்தவன் தன் மொழிக்காக ஏற்கெனவே வைத்திருந்த எழுத்தை எடுத்து அடுக்கினான். அவன் புதிதாக ஓர் எழுத்து வார்த்தானா?"

அதைச் செய்தவர்கள் யார் என்பதும் அவனுக்கு மனப்பாடம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைத் துறவி, 1520-இல் போர்ச்சுக்கலில் பிறந்தவர், முத்துக்குளித்துறையில் புன்னைக்காயலை மையமாக வைத்துக்கொண்டு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர், தமிழைப் பேசவும் எழுதவும் கற்றார்; தமிழுக்கு ஓர் இலக்கணமும் போர்ச்சுகீசியத்தில் எழுதினார். அவர் மனுவேல் தெ சாம் பேத்ரு என்ற குருவோடு சேர்ந்து பெயர்த்த சிறு நூல்தான் தம்பிரான் வணக்கம். பதினாறே பக்கம். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. உள்ளே இருப்பது தமிழ் எழுத்து. படத்தில் அந்த எழுத்தைப் பார்த்தால் இன்றைய கண்ணுக்குத் தடுமாற்றமாகத்தான் இருக்கும். மெய்க்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் குறியும் கிடையாது. ஓலையில் அன்று எழுதிய வழக்கம் அது. செல்வத்தின் தொழில் மூளை இதிலும் ஓடியது: புள்ளி இல்லையென்றால் மெய்க்கு ஒரு துண்டு மிச்சம், பதினெட்டும் போனால் 108 என்பது 90 ஆகிவிடும். முதலில் வார்த்தவனுக்கு அது கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் இதுவரை சொன்னதை மீரான் மறுத்தானா என்றால், ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை. செல்வமும் கார்த்தில்யா பற்றி மீரான் சொன்ன எதையும் பொய் என்று சொல்லவில்லை. ஆனாலும் குரல் ஏறிக்கொண்டே போனது. மறுநாள் காலையில் இருவரும் தனித்தனியே எனக்குத் தொலைபேசியில் அழைத்து, மற்றவனுக்குப் புத்தி சொல்லச் சொன்னார்கள்.

வினாடி வினாக்களுக்குக் கேள்வி தயாரிக்கும் ஒரு நூலகர் எனக்கு முன்பு சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. விடையில் இரண்டு பேர் மோதினால், விடையைப் பேச விடாதே. தெரிந்ததையெல்லாம் தாளில் எழுதச் சொல். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார். எங்கேயாவது ஒரு வரி முரண்பட்டால் அது தகவல் சண்டை. போய்ப் புத்தகத்தைப் புரட்டலாம். எதுவுமே முரண்படவில்லை என்றால், அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பது ஒரே கேள்விக்கல்ல.

அன்று மாலை செல்வத்தின் அச்சகத்தில், வெட்டுக் காகிதம் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். நூல், ஆண்டு, அச்சான இடம், மொழி, எழுத்து என்று தலைப்புப் போட்டு, 1554-உம் 1578-உம் இரண்டையும் நிரப்பச் சொன்னேன். மீரானுக்கு இது அவமானமாகப் பட்டது. பரீட்சைத் தாள் திருத்துகிறவனைப் பரீட்சை எழுதச் சொல்கிறாயா என்றான். ஆனாலும் எழுதினான்.

பத்துக் கட்டங்களில் ஒன்பது ஒத்துப்போயின. 1554-க்கு எதிரில் இருவருமே மொழி தமிழ், எழுத்து ரோமன் என்று எழுதியிருந்தார்கள். 1578-க்கு எதிரில் இருவருமே மொழி தமிழ், எழுத்து தமிழ். மீரானுக்குத் தம்பிரான் வணக்கம் தெரியாமலில்லை. செல்வத்துக்குக் கார்த்தில்யா தெரியாமலில்லை. ஒரே ஒரு கட்டத்தில்தான் வேறுபாடு: 1578 நூலுக்கு அச்சான இடம் என்று செல்வம் கொல்லம் எழுதியிருந்தான், மீரான் கோவா எழுதியிருந்தான். சண்டை நடந்ததோ அதைப் பற்றி அல்லவே அல்ல.

தாள்களைப் பார்த்துவிட்டு முதலில் பேசியவன் செல்வம்.

"இவனுக்கு லிஸ்பன் எழுத்து ரோமன் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எப்படி அதைத் தமிழ் நூல் என்கிறான்?"

அங்கேதான் முடிச்சு இருந்தது. 'தமிழ் நூல்' என்று கேட்டவுடன் செல்வத்தின் காதில் விழுந்தது தமிழ் எழுத்தில் இருக்கும் நூல். மீரானின் காதில் விழுந்தது தமிழ் மொழியில் இருக்கும் நூல். சாதாரணமாக இந்த இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் யாருக்கும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் வருவதில்லை. 1554-க்கும் 1578-க்கும் இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டில்தான் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. கேள்வி போய் விழுந்தது சரியாக அந்த இடைவெளியில்.

ஏன் மீரானுக்கு மொழி என்றும் செல்வத்துக்கு எழுத்து என்றும் கேட்டது? செல்வத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஈயத் துண்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அச்சு என்றால் எழுத்துதான். மீரான் சொன்ன காரணம்தான் எனக்குப் புதிதாக இருந்தது.

அவனுடைய உம்மாவின் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தினமும் தமிழ் வாசித்தார். அவர் கையில் இருந்தது அரபுத் தமிழ்ப் புத்தகம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். சொல்லெல்லாம் தமிழ், எழுத்து அரபி, வலமிருந்து இடமாக ஓடும். அரபியில் 'ப' ஒலி கிடையாது, 'ட', 'ள', 'ழ' கிடையாது. அவற்றுக்கெல்லாம் இருக்கிற அரபி எழுத்தில் புள்ளியோ குறியோ கூட்டி வேறு எழுத்தாக்கிக்கொண்டார்கள். பாட்டி விரலை வலப்பக்கத்தில் வைத்து இழுத்துக்கொண்டே வாசிப்பாராம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்கு அட்சரம் ஒன்றும் விளங்காது, வாசித்தது மட்டும் முழுக்க விளங்கும். அதைத் தமிழ் நூல் அல்ல என்று யாராவது சொன்னால் மீரானால் தாங்க முடியாது. லிஸ்பன் நூலுக்காக அவன் அவ்வளவு கத்தியதன் பின்னால் பாட்டி இருந்திருக்கிறார்.

இதைக் கேட்டபின் செல்வம் கொஞ்சம் இறங்கினான், ஆனால் முழுக்க விடவில்லை. அவன் எழுப்பிய அடுத்த கேள்வி நியாயமானது: அந்த இரண்டு நூலையும் யார் வாசித்தார்கள்? ரோம எழுத்தில், பக்கத்திலேயே போர்ச்சுகீசியப் பொருளோடு இருக்கும் தமிழை, ரோம எழுத்துத் தெரிந்தவன்தான் வாசிக்க முடியும். அதாவது கப்பலேறி இங்கே வரப்போகும் பாதிரியார் முதலானவர்கள். அவர்கள் வாசிப்பார்கள், முத்துக்குளித்துறைப் பரதவர் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். 1578-இல் அச்சானதோ அந்தப் பரதவரே கையில் எடுத்து வாசிக்கலாம். "உன் பாட்டியின் புத்தகம் பாட்டி வாசிக்க அச்சானது. லிஸ்பன் புத்தகம் தமிழன் வாசிக்க அச்சானதல்ல. இரண்டையும் ஒன்றாக்காதே" என்றான். மீரானிடம் இதற்கு உடனடிப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆனால் இது வேறு கேள்வி. தமிழர் வாசிப்பதற்காக முதலில் அச்சான நூல் எது என்று யாரும் மேடையில் கேட்கவில்லை.

அப்படியானால் மேடையில் கேட்ட ஐந்து சொல்லுக்கு யார் சொன்னது சரி? எழுதப்பட்ட சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் மீரான் பக்கம். 'தமிழ் நூல்' என்றால் தமிழில் இருக்கும் நூல்; எழுத்தைப் பற்றிக் கேள்வியில் ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் வினாடி வினாவில் சொற்களை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிறவன் தோற்பான். கேள்வியைத் தயாரித்தவர் எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்திருப்பார், அதில் என்ன விடை அச்சாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே ஊகிக்க வேண்டும். அந்தக் கணக்கில் செல்வம் சரி. அடுத்த அணியின் மாணவி இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல் கையேட்டு விடையைச் சொன்னாள், வாங்கிக்கொண்டாள். அதில் தவறென்ன?

மீதமிருந்த ஒரு கட்டத்துக்கு வருகிறேன். கோவாவா, கொல்லமா? இது நிஜமான தகவல் சண்டை. ஆகவே சீக்கிரம் முடிந்தது. நூலகத்தில் அச்சு வரலாறு பற்றிய ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் தம்பிரான் வணக்கத்தின் பக்கங்களைப் படமாகப் போட்டிருந்தார்கள். மூலப்படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கொல்லம் என்ற ஊரும் 1578 அக்டோபர் 20 என்ற நாளும் இருக்கின்றன. செல்வம் விட்டிருக்கலாம். ஆனால் தொழில்காரன், பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பக்கத்தின் மீது குனிந்தான். அதே பக்கத்தில் எழுத்து மாதிரிகள் இரண்டு தொகுதியாக இருந்தன. ஒன்று 1577-இல் கோவாவில் செய்தது, மற்றொன்று 1578-இல் கொல்லத்தில் செய்தது. கோவா எழுத்தை வார்த்தவர் ஜோவாம் கொன்சால்வஸ், கொல்லத்து எழுத்தைச் செய்தவர் ஜோவாம் தெ ஃபரியா. அச்சான இடம் கொல்லம். எழுத்தின் ஒரு பகுதி பிறந்த இடம் கோவா. கையேடு எழுதிய யாரோ ஒருவர் இரண்டையும் சேர்த்துவிட, அது ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியெடுக்கப்பட்டு வந்திருக்க வேண்டும்.

"கோவா என்பதை அடித்துவிட்டேன்" என்று மீரான் தன் தாளில் திருத்தினான். முந்தின நாள் முழுக்க விட்டுக்கொடுக்காதவன், படத்தைப் பார்த்த நிமிடத்தில் எந்தத் தயக்கமும் இல்லாமல் திருத்திக்கொண்டான். 1554 விஷயத்தில் அவனை அசைத்திருக்கக்கூடிய படம் எதுவும் உலகத்தில் இல்லை. ஹார்வர்டு நூலையும் லிஸ்பன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்த்தில்யாவையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைத்தாலும் இருவரும் அவரவர் இடத்திலேயேதான் நின்றிருப்பார்கள்.

பிறகு செல்வத்துக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த ஆண்டு விழாவுக்கு இதே கேள்வியை யாரும் சண்டை போட முடியாதபடி எழுதிக்கொடுப்பது என்று. சுவாரசியமான வேலை. ஒரு சொல்லைக் கூட்டினால் விடை மாறுகிறது. 'தமிழ் மொழியில் அச்சான முதல் நூல்' என்றால் கார்த்தில்யா. 'தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் முதலாவது' என்றால் தம்பிரான் வணக்கம். 'கிடைத்திருப்பவற்றுள்' என்பதை நுழைத்தவன் மீரான்; கோவாவில் 1577-இலேயே எழுத்து செய்திருக்கிறார்கள் என்றால் அதை வைத்து அப்போதே ஏதாவது அச்சடித்துப் பார்த்திருக்க மாட்டார்களா என்பது அவன் சந்தேகம். செல்வமும் அதை ஒப்புக்கொண்டான். புது எழுத்து வந்தால் சோதனைக்கு ஒரு தாளாவது ஓட்டாமல் எந்த அச்சுக்காரனும் இருக்க மாட்டான் என்றான். 'இந்திய மண்ணில்' என்ற சொல்லைச் சேர்த்தால் லிஸ்பன் தானாக விலகிவிடும், எழுத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 'முதலில் அச்சான தமிழ் இலக்கிய நூல்' என்றால் கதையே வேறு. 1812-இல் வந்த திருக்குறள் பதிப்பு வரைக்கும் போக வேண்டும், அதற்கு முன்னால் 'இலக்கியம்' என்பதில் எதையெல்லாம் சேர்ப்பது என்று ஒரு சண்டை போட வேண்டும்.

கேள்வி தயாரித்த நூலகரிடம் இவற்றைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கோபப்படவில்லை. இரண்டாவது வடிவம் நன்றாக இருக்கிறது, ஆனால் மேடையில் இத்தனை நீளத்தை வாசித்து முடிப்பதற்குள் பையன்கள் மணியை அழுத்திவிடுவார்கள் என்றார். 'இந்திய மண்ணில் முதலில் அச்சான தமிழ் நூல்' என்பதை எடுத்துக்கொண்டார். செல்வத்துக்கு அதில் அரை மனம்தான். எழுத்து வார்த்தவர்களின் பெயரே அதில் வராது என்று முணுமுணுத்தான்.

திரும்பி வரும் வழியில், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முதலில் அச்சுக்கூடம் வைத்தது எந்த ஊர் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். மீரான் தரங்கம்பாடி என்றான்: சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து, 1713. செல்வம் புன்னைக்காயல் என்றான்: 1586-இல் அச்சான ஹென்றிக்கஸின் 'அடியார் வரலாறு'. அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் பெரிய நூல் அச்சான இடம் புன்னைக்காயல்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு.

"முதலில் தாளை எடுங்கள்" என்றேன். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று எழுதினார்கள். இந்த முறை அச்சான இடம் என்ற கட்டத்தில் மீரான் கேள்விக்குறி போட்டிருந்தான், செல்வம் புன்னைக்காயல் என்று பேனாவை அழுத்தி எழுதியிருந்தான். ஆக இது தகவல் சண்டைதான், கேள்விச் சண்டை அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலுக்குப் போய் விசாரிக்கலாம் என்றான் செல்வம். நானூறு ஆண்டுக்கு முந்தைய அச்சுக்கூடத்தைப் பற்றி அங்கே யாரிடம் போய் விசாரிப்பாய் மாப்பிள்ளை என்று மீரான் கேட்டான். அங்கே மீன் குழம்பு நன்றாக இருக்கும் என்றான் செல்வம். அந்த ஒன்றில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.